படகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் தேர்வு: விடுப்புக் கடிதத்தில் நான் செய்த தப்பும், அப்புறம் திருத்தி எழுதியதும்

தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியில் எடைச்சீட்டு எழுதும் வேலை. ஏழு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், பிறகு குழந்தை என்று படிப்பு நின்றுபோனது. 29 வயதில்தான் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தேன். கடைசி வருஷத் தேர்வு 2023 ஜூனில் வந்தது. அந்தத் தேர்வுக்கு விடுப்பு கேட்டு நான் எழுதிய கடிதத்தால் மூன்று தாளையும், ஒரு பதவியையும், கையிலிருந்த காசையும் இழந்தேன். அதே வருஷம் டிசம்பர் தேர்வுக்காக நவம்பரில் அதே மேனேஜரிடம் இன்னொரு கடிதம் கொடுத்தேன். கேட்ட நாள் எல்லாம் சம்பளத்தோடு கிடைத்தது. இரண்டு கடிதத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எழுதி வைக்கிறேன். எனக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், விஷயம் அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். ஆக, செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் கம்பெனி வாசலில் வண்டி வரிசை கட்டி நிற்கும். இறால் பெட்டி இறங்கியதும் ஐஸைத் தட்டிவிட்டு, ஒரு கிலோ நிறுத்து, எத்தனை இறால் நிற்கிறது என்று எண்ணுவோம். அதுதான் கவுண்ட். கிலோவுக்கு 30 நின்றால் ஒரு விலை, 40 நின்றால் வேறு விலை. படகுக்காரர் 30 என்பார், எங்கள் ஆள் 34 என்பார், மறுபடி கொட்டி எண்ணுவார்கள். கை ஈரத்தில் கார்பன் தாள் ஊறிப்போகாமல் சீட்டில் படகு எண், எடை, கவுண்ட், விலை நான்கையும் எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை வைத்துத்தான் படகுக்காரருக்குப் பணம். எழுத ஆள் இல்லை என்றால் பெட்டி இறங்காது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை.

இதோடு மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகக் கூடாது. நாட்டுப்படகில் வரும் நண்டு, கணவாய் மட்டும் கொஞ்சம் வரும். அந்த இரண்டு மாதமும் கம்பெனி தூங்கி வழியும். தடை முடிந்த முதல் இரண்டு வாரம் நேர் எதிர். ஓய்ந்து கிடந்த கடலில் முதல் வலை இழுக்கும்போது இறால் நிறைய விழும். வருஷத்திலேயே கூட்டமான நாட்கள் அவைதான்.

என் தேர்வு மே மாதக் கடைசியில் வரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில், வேலை இல்லாத ஒரு மத்தியானம், சூப்பர்வைசரிடம் "எனக்குப் பரீட்சை வருது சார், லீவு வேணும்" என்றேன். "பாத்துக்கலாம்மா, அப்ப சொல்லு" என்றார். லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். இதுதான் என் முதல் தப்பு. அந்தப் பதிலில் சம்மதம் எதுவும் இல்லை. கேட்டதை அவர் எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

தேர்வு தள்ளிப்போனது. கால அட்டவணை ஜூன் முதல் வாரம்தான் வந்தது. ஐந்து தாள். ஜூன் 17 சனி, 18 ஞாயிறு, 24 சனி, 25 ஞாயிறு, ஜூலை 1 சனி. தடை முடிந்து படகு இறங்கிய முதல் இரண்டு ஞாயிறும் எனக்குத் தேர்வு. அட்டவணையைப் பார்த்த அன்றைக்கே கடிதம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஹால் டிக்கெட் வரட்டும், அதை இணைத்துக் கொடுத்தால்தான் மரியாதை என்று காத்திருந்தேன். அது ஜூன் 12ஆம் தேதி வந்தது. 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நின்றேன். ஐஸ் பிளாண்ட்காரரிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "நான் இறுதியாண்டுத் தேர்வு எழுத இருப்பதால், படிப்பதற்காக எனக்கு 15 நாட்கள் படிப்பு விடுப்பு வழங்கி, என் வாழ்க்கையில் ஒளியேற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் குடும்ப சூழ்நிலையைத் தாங்கள் அறிவீர்கள்." இவ்வளவுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை. எந்த நாள் தேர்வு, எந்த நாள் படிக்க என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை எடைச்சீட்டை யார் எழுதுவது என்று இல்லை. மேனேஜர் இரண்டு வரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "போட் கெளம்புற நேரத்துல பதினஞ்சு நாளா? யாரு எழுதுவா? இல்லம்மா." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் பேச வரவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்ட ஒரே கேள்விக்கு என் கடிதத்தில் பதில் இல்லாமல் இருந்திருக்கிறது.

கோபத்தில் 14, 15 இரண்டு நாளும் சொல்லாமல் வீட்டில் இருந்து படித்தேன். 16 வெள்ளி. 17ஆம் தேதி ராமநாதபுரம் போய் முதல் தாள் எழுதினேன். அன்று இரவு சூப்பர்வைசர் ஃபோன் செய்து, "நாளைக்கு வரலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்றார். வீட்டுக்காரர் படகு வேலைக்குப் போகிறவர். தடைக்காலத்தில் வாங்கிய கடன் அப்படியே நின்றது. எனக்கு வேலை போனால் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். தேர்வு பத்து மணிக்கு ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் நான் வாசலில் நின்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கவுண்ட் சொல்லச் சொல்ல எழுதினேன், காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு சீட்டில் 36 என்பதை 63 என்று எழுதிவிட்டேன், படகுக்காரர்தான் பார்த்துத் திருத்தினார். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. சனிக்கிழமைத் தாள்கள் மூன்றை மட்டும் எழுதினேன். அதிலும் அடக்கவிலைக் கணக்கியலில் 27 மார்க், 40 எடுத்தால்தான் பாஸ். ஆக, எழுதாத இரண்டும் போனது ஒன்றுமாக மூன்று அரியர்.

கணக்கைச் சொல்கிறேன். மாதச் சம்பளம் 12,500. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 ரூபாய். ஐந்து நாள் ஆப்சென்ட், 2,400 பிடித்தார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வருகை போனஸ் 500 வீதம் போனது. சொல்லாமல் வராததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்து ஃபைலில் ஏறியது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. செப்டம்பரில் எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் உதவியாளர் இடம் காலியானது, சம்பளம் 16,500. பட்டம் முடித்திருக்க வேண்டும் என்றார்கள். என் மார்க் பட்டியலில் இரண்டு இடத்தில் வரவில்லை என்றும் ஓர் இடத்தில் தோல்வி என்றும் இருந்தது. பரமக்குடியிலிருந்து ஒரு பெண் அந்த வேலைக்கு வந்தாள். நல்ல பெண், அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாதம் 4,000 ரூபாய் என் கண் முன்னால் போனது.

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுக்க டைம் ஆபீஸுக்குப் போனபோதுதான் விஷயம் திரும்பியது. அங்கே இருக்கும் அக்கா என் லீவு கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒன் கணக்குல பதிமூணு நாள் கெடக்கு, ஏன் சம்பளமில்லாம இருந்த?" என்றார். எனக்குப் புரியவில்லை. காய்ச்சல், தலைவலிக்கு எடுக்கும் சி.எல். மட்டும்தான் லீவு என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் லீவு ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். சி.எல்., இ.எஸ்.ஐ. லீவு, சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. "இதுல படிப்பு விடுப்புன்னு எங்க இருக்கு சொல்லு? நீ அப்படிக் கேட்டா சார் எந்தக் கட்டத்துல எழுதுவாரு?"

தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பு விடுப்பு என்பது அரசு ஊழியர்களின் விடுப்பு விதியில் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு விடுப்பு சட்டத்தில் இல்லை. கம்பெனி தானாக வைத்திருந்தால்தான் உண்டு. ஆனால் ஆண்டு விடுப்பு இருக்கிறது. அன்றைக்கு இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், அடுத்த வருஷம் ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. நான் 2022இல் 268 நாள் வேலை பார்த்திருக்கிறேன். 20ஆல் வகுத்தால் 13.4, அரைக்குக் குறைந்த பின்னம் விட்டுப்போகும், ஆக 13 நாள். அதை எதற்காக எடுக்கிறோம் என்பது நம் விருப்பம், தேர்வுக்கும் எடுக்கலாம். நிபந்தனை இரண்டு. லீவு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாது. ஜூன் 14ஆம் தேதி லீவுக்கு 13ஆம் தேதி கடிதம் கொடுத்த எனக்கு, அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க வழியே இல்லாமல் போயிருந்தது.

முறையாகக் கேட்டு, அவர்கள் மறுத்தால் அதற்கும் ஒரு பலன் உண்டு. சாதாரணமாக எடுக்காத லீவு 30 நாள் வரைக்கும்தான் அடுத்த வருஷத்துக்குப் போகும். கேட்டும் தராமல் மறுத்த லீவுக்கு அந்த வரம்பு கிடையாது. அதனால் மறுப்பையும் எழுத்தில் வாங்க வேண்டும். நான் சொல்வது 2023 நிலவரம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, அதில் 240 நாள் என்பது 180ஆகக் குறைந்திருக்கிறது. உங்கள் கார்டில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை டைம் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டம் வேறு, எண்ணிக்கையும் வேறு.

டிசம்பர் தேர்வுக்கு அக்டோபரில் பணம் கட்டினேன். அன்றைக்கே ரசீதின் நகலை டைம் ஆபீஸில் கொடுத்து, டிசம்பரில் தேர்வு இருக்கிறது, தேதி வந்ததும் கடிதம் தருகிறேன் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன். ஹால் டிக்கெட் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் 15 நாள் கணக்கு தப்பிவிடும். கால அட்டவணையும் பணம் கட்டிய ரசீதும் போதும். ஹால் டிக்கெட் வந்ததும் தருகிறேன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

அட்டவணை நவம்பர் 10 வந்தது. டிசம்பர் 9 சனி, 10 ஞாயிறு, 18 திங்கள். காலண்டரை எடுத்து, படகு வரும் செவ்வாய், வியாழன், ஞாயிறு எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போட்டேன். முதலில் படகு இல்லாத நாளாகப் பொறுக்கி எடுத்துப் பார்த்தேன், ஐந்தாறு துண்டாக வந்தது. மூன்று தடவைக்கு மேல் கூடாதே. மாற்றி மாற்றிப் போட்டு, 6ஆம் தேதி புதன், 9 - 10 சனி ஞாயிறு, 16 முதல் 18 வரை என்று மூன்று துண்டாக ஆறு நாளில் கொண்டுவந்து நிறுத்தினேன். இடையில் வரும் 8, 15 இரண்டு வெள்ளியும் வார விடுமுறை, அவையும் எனக்குப் படிக்கக் கிடைத்தன. சிக்கலான நாள் 10, 17 இரண்டு ஞாயிறுதான். மற்ற நாட்களை விட்டுவிட்டு அந்த இரண்டுக்கும் மட்டும் ஆள் தேடினேன்.

பேக்கிங்கில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்கில் தடுமாற மாட்டாள். "ரெண்டு ஞாயிறு எழுதித் தர்றியா?" என்றேன். "சீட்டு எழுதிருவேன்க்கா, கவுண்ட்ல சண்டை வந்தா என்ன பண்ண?" என்று கேட்டாள். சரியான கேள்வி. சண்டை வந்தால் சீட்டை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் முன்னால் மறுபடி எண்ணச் சொல், அவர் கையெழுத்துப் போட்ட பிறகு கிழி என்று சொல்லிக்கொடுத்தேன். நவம்பரில் இரண்டு ஞாயிறு என் பக்கத்தில் நிற்க வைத்து எழுத வைத்தேன். கடிதம் போகும்போது அவள் ஏற்கெனவே ஒரு நாள் எழுதிப் பழகியிருந்தாள், சூப்பர்வைசரும் பார்த்திருந்தார். கடிதம் கீழே:

"அனுப்புநர்: (பெயர்), எடைச்சீட்டு எழுத்தர், பணியாளர் எண் (…), கொள்முதல் பிரிவு.
பெறுநர்: மேலாளர் அவர்கள், (நிறுவனம்), மண்டபம்.
நாள்: 15.11.2023
பொருள்: இறுதியாண்டுத் தேர்வுக்காக ஆறு நாட்கள் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு கோருதல்.

ஐயா,
டிசம்பர் 6 (புதன்), டிசம்பர் 9, 10 (சனி, ஞாயிறு), டிசம்பர் 16 முதல் 18 வரை (சனி, ஞாயிறு, திங்கள்) ஆகிய ஆறு நாட்கள் எனக்கு ஆண்டு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் விடுப்புக் கணக்கில் 13 நாட்கள் இருப்பதை டைம் ஆபீஸில் சரிபார்த்துள்ளேன்.

டிசம்பர் 9, 10, 18 ஆகிய நாட்களில் காலை 10 மணி முதல் 1 மணி வரை ராமநாதபுரத்தில் பி.காம். இறுதியாண்டுத் தேர்வு எழுதுகிறேன். மற்ற மூன்று நாட்கள் படிப்பதற்கு. கால அட்டவணையும் தேர்வுக் கட்டண ரசீதும் இணைத்துள்ளேன். நுழைவுச்சீட்டு வந்தவுடன் நகல் தருகிறேன்.

இந்த ஆறு நாட்களில் படகு வரும் நாட்கள் 10, 17 ஆகிய இரண்டு ஞாயிறு மட்டுமே. அந்த நாட்களில் பேக்கிங் பிரிவைச் சேர்ந்த (பெயர்) எடைச்சீட்டு எழுத ஒப்புக்கொண்டுள்ளார். அவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 10ஆம் தேதி தேர்வு முடிந்ததும் மாலை 4 மணிக்கு வந்து அன்றைய சீட்டுகளை ரிஜிஸ்டருடன் ஒப்பிட்டு முடித்துத் தருகிறேன்.

தேர்வு தள்ளிவைக்கப்பட்டால் அன்றே தகவல் சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிடுவேன். அந்த நாள் விடுப்பை மாற்றுத் தேதியில் எடுத்துக்கொள்ள அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் முடிவை இக்கடிதத்திலேயே குறித்துத் தருமாறு வேண்டுகிறேன்.
இப்படிக்கு, (கையொப்பம்)"

குடும்ப சூழ்நிலையைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கை துடித்தது உண்மை. ஆனால் அதைப் படித்து மேனேஜர் எதையும் முடிவு செய்ய முடியாது. தேதிகளை முதல் பத்தியிலேயே வைத்தேன், ஜூனில் அவர் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. 10ஆம் தேதி மாலை வருகிறேன் என்று எழுதியது சட்டப்படி தேவையில்லாதது. லீவு நாள் லீவுதான். அன்று பணப் பட்டுவாடா தப்பாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும் என்பதால் நானாக எழுதினேன். உங்களுக்கு அந்த நிலை இல்லை என்றால் எழுத வேண்டாம்.

கொடுத்த நேரமும் முக்கியம். 15ஆம் தேதி புதன்கிழமை, படகு கடலில் இருக்கும் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனேன். அதற்கு முன்னால் டைம் ஆபீஸில் இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் தேதி போட்டு, சீல் வைத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இது சண்டைக்கான ஏற்பாடு என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கு வாங்கினால் சீட்டு கொடுக்கிற கம்பெனிதானே.

மேனேஜர் முழுக்கப் படித்தார். ஓரத்தில் பச்சை மையில், "6, 9, 10 சரி. 16 - 18 பிறகு பார்க்கலாம்" என்று எழுதினார். சந்தோஷத்தில் வெளியே வந்துவிட்டேன். இரவில்தான் உறைத்தது, ஏப்ரலில் சொன்ன அதே "பார்க்கலாம்". பாதி அனுமதியை முழு அனுமதி என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவது ரொம்ப எளிது, அதுவும் பயந்துகொண்டே போனவர்களுக்கு. அடுத்த புதன் திரும்பப் போனேன். "சார், 17 ஞாயித்துக்கெழமைக்கு என்ன செஞ்சா ஒங்களுக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு தனியா ஒரு நாள் எழுதட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். 26ஆம் தேதி ஞாயிறு நான் தள்ளி நின்றேன், அவள் தனியாக எழுதினாள். ஒரு சீட்டில் மட்டும் விலை அடித்து எழுதியிருந்தாள், கூட்டுத்தொகை சரியாக வந்தது. மறுநாள் அதே கடிதத்தில் "16 - 18 சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு தாளும் நன்றாக எழுதினேன். 10ஆம் தேதி தேர்வு முடிந்து, ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, மண்டபம் இறங்கி நாலு மணிக்குள் கம்பெனிக்குப் போய் ரிஜிஸ்டரை ஒப்பிட்டு முடித்தேன். மூன்றாவது தாள்தான் மழையில் மாட்டியது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். 18ஆம் தேதித் தாள் தள்ளிப்போய் 30ஆம் தேதி என்று ஆனது. 17ஆம் தேதி ராத்திரியே சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, திங்கள் காலை வேலைக்குப் போய்விட்டேன். 30ஆம் தேதி லீவு கேட்டபோது, மூன்று தடவை முடிந்துவிட்டதே என்று டைம் ஆபீஸில் கேட்டார்கள். கடிதத்தின் நான்காவது பத்தியைக் காட்டினேன். கீழே மேனேஜர் கையெழுத்து இருந்தது. வேறு பேச்சில்லாமல் பதிந்துகொண்டார்கள்.

ஆறு நாளும் சம்பளத்தோடு போனது. வருகை போனஸும் பிடிக்கவில்லை. மார்ச்சில் ரிசல்ட் வந்தது. அடக்கவிலைக் கணக்கியலில் 54. தற்காலிகச் சான்றிதழ் ஏப்ரலில், தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் கைக்கு வந்தது. அடுத்த நாளே நகலை டைம் ஆபீஸில் கொடுத்து, பணிப் பதிவேட்டில் பட்டம் முடித்ததைச் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். கணக்குப் பிரிவில் இன்னும் இடம் காலியாகவில்லை. ஜூன் மாத மெமோ ஃபைலில் அப்படியே இருக்கிறது, அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எனக்காக இரண்டு ஞாயிறு சீட்டு எழுதிய தங்கச்சி, பன்னிரண்டாவதைத் தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். போன வாரம் கடிதத்தின் நகல் கேட்டாள். கொடுத்தேன். அவள் இன்னும் ஒரு வருஷத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, புதன்கிழமை டைம் ஆபீஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.